ஜாமீன் விசாரணையும் Alt+A-யும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(5) பிரிவுப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்கும்போது பாதிக்கப்பட்டவரையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். இது கட்டாயம் என்று 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. திருச்சி வழக்குகள் மேலே போனால் மதுரைக் கிளைக்குத்தான் போகும். ஒருநாள் கூலியை இழந்து மதுரை போக முடியாதவர்கள், காணொளிக்கு அனுமதி இருக்கும் நாட்களில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் அறையிலிருக்கும் பழைய லேப்டாப் முன்னால் உட்காருகிறார்கள். பெயர் கூப்பிட்டதும் மைக் படத்தைத் தேடி மவுஸை ஓட்டிக்கொண்டிருந்தால், அடுத்த வழக்கு வந்துவிடும்.

எனவே உடன் உட்காரும் மாணவர்களுக்கு முதலில் விசைகளைச் சொல்லித்தருகிறோம். விண்டோஸ் கணினியில் ஜூம் என்றால் மைக்குக்கு Alt+A. அதே விசையை மறுபடி அழுத்தினால் மைக் மூடிக்கொள்ளும். ஆகவே திரையில் மைக் மேல் கோடு இருக்கிறதா என்று பார்க்காமல் பேசக் கூடாது.

அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? பெரும்பாலும் காரணம் இதுதான்: கடைசியாகச் சொடுக்கியது மனுவின் பிடிஎஃப்பை. விசை அங்கே போய்விட்டது. ஜூம் ஜன்னலை ஒருமுறை சொடுக்கிவிட்டு அழுத்துங்கள். ஜூம் செட்டிங்ஸில் Keyboard Shortcuts பகுதிக்குப் போய், இந்த விசைக்கு மட்டும் Enable Global Shortcut-ஐ டிக் செய்துவிட்டால், எந்த ஜன்னலில் இருந்தாலும் வேலை செய்யும். கூகுள் மீட்டில் மைக் Ctrl+D, கேமரா Ctrl+E. அங்கே வேறு டேபில் இருந்துகொண்டு Ctrl+D அழுத்தினால் புக்மார்க் பெட்டி திறக்கும். அதைப் பார்த்ததும் புரிந்துகொள்ளலாம்.

கூட்டத்தை நடத்துபவரே எல்லோரையும் மியூட் செய்து, தாமாகத் திறக்கும் அனுமதியையும் எடுத்திருந்தால் Alt+A உதவாது. அப்போது Alt+Y: கை உயரும்.

கேமரா Alt+V. எதிர்த்தரப்பும் அதே திரையைத்தான் பார்க்கிறது. பின்னால் ஜன்னலும் தெருவும் தெரிந்தால், அவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பது வெளியே வந்துவிடும். சுவருக்கு முன் உட்காரவைத்துவிட்டே கேமராவைத் திறப்போம்.

திரைப் பகிர்வுக்கு Alt+S. தேர்வுப் பட்டியலில் முழுத் திரையைத் தொடாமல், ஆவணம் திறந்திருக்கும் ஜன்னலை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுத் திரை போனால் வாட்ஸ்அப் அறிவிப்பில் சாட்சியின் பெயரும் சேர்ந்து போகும். நடுவில் வேறெதையாவது தேட வேண்டியிருந்தால் Alt+T. பகிர்வு அப்படியே உறைந்து நிற்கும், மறுபடி அழுத்தினால் தொடரும். இவை இரண்டும் கூட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டையில் கவனம் இருந்தால்தான் நடக்கும். வேலை செய்யவில்லையென்றால் முதலில் Ctrl+Alt+Shift அழுத்தி அங்கே போய்விட்டு மறுபடி முயலுங்கள்.