ஈஸ்ட் ஹாமில் பொங்கல் இலை

“பொங்கலுக்குப் பச்சை வாழை இலை, மஞ்சள் கொத்து, மரக்கறி வகைகள். முன்பதிவு ஜனவரி 5 இரவு 8 மணி வரை. 12 ஞாயிறு பிற்பகல் முதல் 13 திங்கள் இரவு வரை கடையில் பெற்றுக்கொள்ளலாம். வரத்தைப் பொறுத்து அளவு மாறலாம்.”

2025 பொங்கலுக்கு லண்டனில் மகள் வீட்டில் இருந்தேன். ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு மளிகைக் கடைக் கண்ணாடியில் இந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. எங்கள் ஊர் வாலிகண்டபுரம். அங்கே பொங்கலுக்கு முதல் நாள் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினால் இலையும் காயும் பையில் வந்துவிடும். இலைக்கு ஒன்பது நாள் முன்னால் பெயர் கொடுப்பதை நான் பார்த்ததில்லை. ஏன் என்று கடைக்காரரிடமே கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையாகச் சொன்னார்.

அந்த வருடம் பொங்கல் 14 செவ்வாய்க்கிழமை. திங்கள் இரவுக்குள் இலை வீட்டில் இருக்க வேண்டுமானால், வார இறுதியில் அது லண்டனில் இறங்கியாக வேண்டும். அதற்கு வியாழன், வெள்ளியில் தோட்டத்தில் அறுத்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி விமானத்தில் ஏற்ற வேண்டும். விமானத்தில் இடம் பிடிக்க அனுப்புகிறவருக்கு அந்த வாரத் தொடக்கத்திலேயே பெட்டிக் கணக்கு தெரிய வேண்டும். அதனால்தான் 5ஆம் தேதி கெடு. பிந்திக் கேட்டவர்களுக்கு லேட்டனில் உள்ள நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மொத்தச் சந்தையில் இரவோடு இரவாகத் தேடிப் பார்ப்பாராம். கிடைத்தால் உண்டு.

“அக்கா, எத்தினை இலை எண்டு சொல்ல வேண்டாம். எத்தினை பேர் இலையில சாப்பிடுவினம், அதைச் சொல்லுங்கோ” என்றார்.

அதில் விஷயம் இருக்கிறது. ஒரு வாழை இலையில் நுனி ஒன்றுதான். மீதியை நடுத்தண்டு நீக்கி ஏடுகளாக நறுக்குவார்கள். எட்டுப் பேருக்கும் நுனி இலை வேண்டுமென்றால் எட்டு முழு இலை அறுபட வேண்டும். நாங்கள் சாமிக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்குமாக மூன்று நுனி, மற்றவர்களுக்கு ஏடு, கிழிந்தால் மாற்ற இரண்டு ஏடு கூடுதலாக எழுதிக் கொடுத்தோம். அறிவிப்பில் “இலை” என்று மட்டும் போடாமல் “நுனி”, “ஏடு” என்று பிரித்துப் போட்டால் வாங்க வரும் நாளில் மனக்கசப்பு வராது என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடமும் சொன்னேன்.

“வரத்தைப் பொறுத்து” என்ற வரியைச் சாக்குப்போக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் வரத்து நிஜமாகவே நின்றதும் உண்டு. 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தோடு பாகல், புடலை, கத்தரி, சேம்பு இவற்றையும் நிறுத்தியது. வந்த சரக்கில் பழ ஈ போன்ற பூச்சிகள் பிடிபட்டதே காரணம். பிரிட்டனும் அன்று அந்த ஒன்றியத்தில்தான் இருந்தது. மாம்பழத் தடை மறு வருடமே நீங்கியது. காய்களுக்கு இன்னும் நாளானது. மஞ்சள் கொத்துக்கு வேறு சிக்கல். கிழங்கில் ஊர் மண் ஒட்டியிருக்கவே கூடாது. கழுவிக் கழுவி அனுப்பினால் தாள் வாடிப்போகிறது. பானையில் கட்ட எங்களுக்குக் கிடைத்த கொத்தில் பாதி மஞ்சளித்துத்தான் இருந்தது. அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

ஞாயிறு மாலை போனோம். கடைக்கு வெளியே ஐந்து டிகிரிக்குள் குளிர். வாங்கும்போது இலையின் அடிப்பக்கம் நரம்போரம் பார்க்க வேண்டும். அங்கே பழுப்போ கருந்திட்டோ தெரிந்தால் வழியில் குளிர் தாக்கியிருக்கிறது, மறுநாள் கருத்துவிடும். வழவழவென்று ஈரம் கசிந்தால் பெட்டிக்குள் புழுங்கியது. உறைபெட்டி இலையும் கடையில் இருந்தது. உருகியதும் துவண்டு தண்ணீர் விடும். கொழுக்கட்டை, மீன் பொதிய அது போதும், பந்திக்கு ஆகாது.

மகள் இலையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப் போனாள். தடுத்தேன். பெட்டிக் குளிரும் வாழைக்கு ஆகாது. கழுவாமல் செய்தித்தாளில் சுற்றி, ஹீட்டர் போடாத அறையில் தட்டையாக வைத்தோம். விறைத்திருந்த இரண்டு ஏட்டைச் சாப்பிடும் முன் அடுப்பு அனலில் லேசாக வாட்டியதும் கிழியாமல் விரிந்தன.

எங்கள் பக்கம் கரிசல் காடு. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம்தான் எங்கள் வெள்ளாமை. வாழை காவிரிக்கரைக்காரர்கள் பயிர். எங்கள் வீட்டுப் பந்திக்கும் இலை வெளியூரிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பது லண்டனில்தான் உறைத்தது. பஸ்ஸில் வந்ததால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

செவ்வாயன்று லண்டனில் சூரியன் எழவே எட்டு மணி ஆனது. பறங்கி, அவரை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி போட்டுப் பல காய்க் குழம்பு வைத்தோம். பச்சை மொச்சை மட்டும் வரவில்லை. காய்ந்த மொச்சையை முதல் நாளே ஊறப்போட்டிருந்தேன்.