கடுக்காய் மை

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

போன வருஷம் ஒரு போனில் ஏமாந்து நாலாயிரம் ரூபாய் போனது சிலருக்குத் தெரியும். "என்ன சார், குரல் தெரியலையா? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றான். நான் என் பழைய மாணவன் ஒருவன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். "அவனேதான் சார்" என்றான். ஆஸ்பத்திரிச் செலவு என்றான், அனுப்பிவிட்டேன். அவனுக்குப் பெயரை எடுத்துக் கொடுத்ததே நான்தான் என்று பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து தெரியாத நம்பர் எதையும் எடுப்பதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு புது நம்பர் வந்தது. கட் பண்ணினேன். நாலு நாள் கழித்து மறுபடி வந்தது. அதையும் கட் பண்ணினேன். மனசு கேட்காமல் சாயந்திரம் நானே கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. சரி, திருட்டு நம்பர்தான் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரன் கையில் போன் இருந்தது, அவன் எடுத்து என்னிடம் நீட்டிவிட்டான்.

"டேய், என்னத் தெரியலையாடா?" என்றது ஒரு வயசான குரல். அதே கேள்வி! நான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. "நீங்களே சொல்லுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கடுக்காய் மையில எழுதின நோட்டு இருக்குதாடா இன்னும்?" என்றான்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கல்வராயன் மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன் அவன். கள்ளக்குறிச்சிப் பள்ளியில் என் பக்கத்து இடம். எனக்கு மை வாங்கக் காசு இருக்காது. அவன் ஊருக்குப் போய் வரும்போது கடுக்காய் கொண்டு வருவான். கொட்டையை நீக்கி, தோலை இடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டுவோம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அன்னபேதியைக் கொஞ்சம் போட்டால் கருத்துப்போகும். எழுதும்போது வெளிறித்தான் தெரியும், காற்றுப் பட்டு மறுநாள் நன்றாகக் கறுக்கும். பேனாவில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். அதனால் தொட்டு எழுதும் கட்டைப் பேனாதான். இதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

1976இல் எஸ்.எஸ்.எல்.சி. நான் பாஸ், அவன் கணக்கில் போய்விட்டான். நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். அவனிடமிருந்து ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. "அக்டோபர் பரீட்சை எழுதலாம்னு இருக்கேன், உன் கணக்கு நோட்டை அனுப்பி வை" என்று எழுதியிருந்தான். அனுப்ப வேண்டும், அனுப்ப வேண்டும் என்று நாள் தள்ளினேன். அக்டோபர் போய்விட்டது. வெட்கத்தில் பதிலும் போடவில்லை. 'தென்னாற்காடு மாவட்டம்' என்று முகவரி எழுதிய கடிதம் அது. 1993இல் விழுப்புரம் மாவட்டம் ஆனோம், 2019இல் கள்ளக்குறிச்சியே மாவட்டம் ஆனது. பதில் மட்டும் போகவில்லை.

போன வாரம் போய்ப் பார்த்து வந்தேன். கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறி வெள்ளிமலை. அங்கிருந்து அவன் பேரன் வண்டியில் கூட்டிப் போனான். மரவள்ளியும் சாமையும் போட்டிருக்கிறான். வீட்டில் சிக்னல் கிடையாது. மேட்டில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் போன் பேச முடியும். நான் கட் பண்ணிய ஒவ்வொரு தடவையும் அந்த முழங்கால் வலியோடு ஏறி இறங்கியிருக்கிறான். நான் திருப்பிக் கூப்பிட்டபோது அவன் வீட்டில் இருந்திருக்கிறான். என் நம்பரைக் கொடுத்தது மலையில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன்.

நோட்டு விஷயத்தை நானேதான் எடுத்தேன். "மன்னிச்சிருடா" என்றேன். "தபால்ல தொலைஞ்சிருக்கும்னுதான் நெனச்சேன்" என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, என்னாலும் முடியவில்லை. சாமைச் சோறு போட்டார்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. தெரியாத நம்பரை எடுக்கவே கூடாது என்று இனி நான் சொல்ல மாட்டேன். எடுங்கள், ஆனால் பெயரை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை அவர்கள் வாயால் வரவழையுங்கள். முகநூலில் போட்ட கதை அதற்கு உதவாது, அதை யாரும் படித்திருக்கலாம். (கடுக்காய் மையும் இன்றோடு செல்லாது!) பணமோ ஓ.டி.பி.யோ கேட்டால் வைத்துவிட்டு, பழைய நம்பரில் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குச் சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டு மூன்று நாள் சும்மா இருந்தேன், அதுதான் தப்பு.

எனக்குப் புது நம்பரிலிருந்து கூப்பிடும் பிள்ளைகளே, எடுத்ததும் பெயரையும் படித்த வருஷத்தையும் சொல்லிவிடுங்கள். மலையிலிருந்து கூப்பிடுகிறவர்கள், இரண்டு தடவை கட் ஆனாலும் மூன்றாவது தடவை கூப்பிடுங்கள்.