மூணாவது அட்டெம்ப்ட்டுக்கு ஒரு கணக்கு இருக்கு

ரிசல்ட் வர்ற அன்னைக்கு போர்ட்டல்ல நாம தேடுறது ஒரே ஒரு எழுத்து. U இருக்கா, இல்லையா? இருந்தா அரியர். ஆனா அந்த U எத்தனை மார்க்குல வந்துச்சுன்னு அது சொல்லாது. பக்கத்து பெஞ்ச்காரனும் நீங்களும் ஒரே மாதிரி எழுதி, அவன் பாஸ் ஆகி நீங்க மட்டும் கப்பு வாங்கியிருந்தா, பேப்பர் திருத்தினவரைத் திட்டுவீங்க. பல நேரம் அவர் மேல தப்பே இருக்காது. விஷயம் வேற இடத்துல இருக்கு. அதைப் பத்திதான் இந்தக் கட்டுரை.

நான் சொல்றது அண்ணா யூனிவர்சிட்டி இணைப்புக் கல்லூரிகள்ல இருக்கிற ரெகுலேஷன் 2021, அதுவும் வெறும் தியரி பேப்பர்களுக்கு மட்டும். லேப் சேர்ந்த தியரி பேப்பர்ல இன்டர்னல், எக்ஸ்டர்னல் பாதிப் பாதி. அங்க கணக்கு மாறும். ஆட்டோனமஸ் கல்லூரின்னா உங்க காலேஜ் ரெகுலேஷனைத்தான் பார்க்கணும்.

தியரி பேப்பர்ல இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் எக்ஸாமுக்கு 60. எக்ஸாம் 100 மார்க்குக்கு நடக்கும், அதை 60-க்கு மாத்துவாங்க. பாஸ் ஆக ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, செமஸ்டர் எக்ஸாம்ல மட்டும் 45 சதவீதம் எடுக்கணும். ரெண்டு, இன்டர்னலும் எக்ஸாமும் சேர்த்து 50 வரணும். முதல் நிபந்தனை எல்லாருக்கும் தெரியும். "45 எடுத்தா பாஸ்"னு ஹாஸ்டல் முழுக்க சொல்லுவாங்க. ரெண்டாவதைத்தான் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கிறதில்ல.

என் ரூம்மேட் கதையை எடுத்துக்குவோம். அவன் சம்மதத்தோடதான் எழுதுறேன், பேர் மட்டும் வேண்டாம்னு சொன்னான். 2022-ல சேர்ந்தவன், மெக்கானிக்கல். மூணாவது செமஸ்டர்ல MA3351, அதாவது நாம எம்-3ன்னு சொல்ற டிரான்ஸ்ஃபார்ம்ஸ் பேப்பர். 2023 நவம்பர்/டிசம்பர் எக்ஸாம்ல எழுதினான், U வந்துச்சு. போட்டோகாபி போட்டு விடைத்தாளை வாங்கிப் பார்த்தா 100-க்கு 52. "52 எடுத்தும் எப்படிடா ஃபெயில்?"னு ரூமே கூடிப் பேசுச்சு.

அவனோட இன்டர்னல் 40-க்கு 14. எக்ஸாம்ல எடுத்த 52-ஐ 60-க்கு மாத்தினா 31.2. ரெண்டையும் கூட்டினா 45.2. 50 வரல, அதனால ஃபெயில். அதே பேப்பர்ல எதிர் ரூம்காரன் 46 எடுத்தான். ஆனா அவன் இன்டர்னல் 33. 27.6-ம் 33-ம் சேர்த்து 60.6, ஜாலியா பாஸ். எக்ஸாம் ஹால்ல ஆறு மார்க் அதிகமா எடுத்தவன் ஃபெயில், கம்மியா எடுத்தவன் பாஸ்.

அப்போ என் ரூம்மேட்டுக்கு உண்மையான பாஸ் மார்க் எவ்வளவு? 50-லேர்ந்து இன்டர்னலைக் கழிச்சு, வர்றதை 0.6-ஆல வகுக்கணும்.

```
(50 - 14) / 0.6 = 60
```

அவனுக்கு பாஸ் மார்க் 45 கிடையாது, 60. இன்டர்னல் 10 இருந்தா கிட்டத்தட்ட 67. இன்டர்னல் 20 இருந்தா சரியா 50. இன்டர்னல் 23-ஐத் தொட்டுட்டாதான் எல்லாரும் சொல்ற அந்த 45 உங்களுக்கும் பொருந்தும்.

எம்-3 பேப்பர்ல 60-ன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. அஞ்சு யூனிட். ஒவ்வொரு யூனிட்லயும் ரெண்டு டூ மார்க், ஒரு பதினாறு மார்க், ஆக யூனிட்டுக்கு 20. 60 வேணும்னா மூணு யூனிட்டை ஒரு மார்க் கூட விடாம எழுதணும். "ஃபூரியர் சீரிஸும் இசட் டிரான்ஸ்ஃபார்மும் படிச்சா போதும், ரெண்டு யூனிட்ல கிளியர்"னு சீனியர் சொல்றது நல்ல இன்டர்னல் இருக்கிறவனுக்கான அட்வைஸ். அதுவும் அங்கங்க டூ மார்க்ல அஞ்சாறு தேத்தினாதான். இவனுக்கு அது வேலைக்கே ஆகாது.

இதுல கசப்பான விஷயம், அரியர் எழுதும்போது எக்ஸாம் மட்டும்தான் திரும்ப எழுதுறோம். இன்டர்னல் முதல் தடவை வாங்கினதுதான், அப்படியே ஒட்டிக்கிட்டு வரும். 2024 ஏப்ரல்/மே-ல அவன் ரெண்டாவது தடவை எழுதினான். நாலாவது செமஸ்டர் பேப்பர்களோட சேர்த்துப் படிச்சு 57 எடுத்தான். 34.2 கூட்டல் 14, 48.2. மறுபடியும் U. அன்னைக்கு அவன் சாப்பிடவே வரல. படிக்கலன்னு அவன் வீட்டுல திட்டு. படிச்சான், முன்னைவிட அஞ்சு மார்க் கூடவும் எடுத்தான், அதை எப்படி அப்பாகிட்ட புரிய வைக்கிறது?

இங்கதான் பலருக்குத் தெரியாத அந்த விதி வருது. மூணாவது அட்டெம்ப்ட்லேர்ந்து, இன்டர்னலையும் சேர்த்து பாஸ் ஆகலன்னா, செமஸ்டர் எக்ஸாம்ல மட்டும் 50 சதவீதம் எடுத்தாலே பாஸ்னு அறிவிப்பாங்க. இன்டர்னல் எவ்வளவா இருந்தாலும் கணக்குல வராது. என் ரூம்மேட்டோட பாஸ் மார்க் 60-லேர்ந்து 50-க்கு இறங்குச்சு. முதல் தடவை எடுத்த அதே 52-ஐ மூணாவது தடவை எடுத்திருந்தா பாஸ். 2024 நவம்பர்/டிசம்பர்ல எழுதினான், கிளியர் ஆயிடுச்சு.

இந்த விதி யாருக்கு உதவும்னு கவனிங்க. இன்டர்னல் 20-க்குக் கீழே இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். 20-க்கு மேல இருந்தா உங்க பாஸ் மார்க் ஏற்கனவே 50-ஐவிடக் கம்மி, மூணாவது அட்டெம்ப்ட்ல புதுசா எதுவும் கிடைக்காது.

"அப்போ மூணாவது தடவை வரைக்கும் காத்திருந்தா போச்சு"ன்னு தோணும். அங்கதான் காலண்டர் குறுக்க வரும். எக்ஸாம் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான், நவம்பர்/டிசம்பர் ஒண்ணு, ஏப்ரல்/மே ஒண்ணு. முதல் அட்டெம்ப்ட்டுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஒரு முழு வருஷம். மூணாவது செமஸ்டர் பேப்பருக்கு அது அஞ்சாவது செமஸ்டர்ல வரும், பரவாயில்ல. ஆறாவது செமஸ்டர் பேப்பருக்கு மூணாவது அட்டெம்ப்ட் எட்டாவது செமஸ்டர் எக்ஸாமோட வரும், கடைசி பஸ்ல தொங்கிக்கிட்டாவது ஏறிடலாம். ஏழாவது செமஸ்டர் பேப்பர் போச்சுன்னா கதையே வேற. 2022-ல சேர்ந்தவனுக்கு முதல் தடவை 2025 நவம்பர்/டிசம்பர், ரெண்டாவது 2026 ஏப்ரல்/மே. பேட்ச் அதோட முடிஞ்சுது. இன்டர்னல் விலகுற அந்த மூணாவது வாய்ப்பு 2026 நவம்பர்/டிசம்பர்லதான். ரிசல்ட் வந்து சர்ட்டிஃபிகேட் கைக்கு வர அடுத்த வருஷம் ஆயிடும். ஆஃபர் லெட்டர் வச்சிருந்தாலும், எம்.இ. சீட் கிடைச்சிருந்தாலும், ஒரு பேப்பருக்காக எல்லாம் நிக்கும். அதனால ஏழாவது செமஸ்டர்ல இன்டர்னல் 14 வாங்குறது, மூணாவது செமஸ்டர்ல 14 வாங்குறதைவிட ரொம்ப ஆபத்து. எண் ஒண்ணுதான், விலை வேற.

"எத்தனை அட்டெம்ப்ட் வரைக்கும் எழுதலாம்?"னு ஜூனியர்ஸ் கேட்பாங்க. தடவைக்குன்னு எல்லை இல்ல, காலத்துக்குத்தான் எல்லை. முதல் வருஷம் சேர்ந்தவங்களுக்கு ஏழு வருஷம், அதாவது 14 செமஸ்டர். லேட்டரல் என்ட்ரிக்கு 12 செமஸ்டர். மூணாவது செமஸ்டர் பேப்பரை 14-க்குள்ள 12 தடவை எழுதலாம், ஏழாவது செமஸ்டர் பேப்பரை எட்டு தடவைதான். அதுக்கு முன்னாடியே இன்னொரு கோடு இருக்கு. அஞ்சு வருஷத்துக்குள்ள எல்லா பேப்பரும் முடியலன்னா, சிஜிபிஏ எவ்வளவு இருந்தாலும் ஃபர்ஸ்ட் கிளாஸ் கிடையாது. ஏழு வருஷமும் தாண்டினவங்களுக்கு யூனிவர்சிட்டி எப்பவாவது சிறப்புத் தேர்வு வைக்கும். 2021 நவம்பர்/டிசம்பர்ல அப்படி ஒண்ணு வந்தப்போ கூடுதல் கட்டணமே 5000 ரூபாய். எப்ப வரும்னு யாரும் சொல்ல முடியாததை நம்பித் திட்டம் போட முடியாது.

ரீவேல்யூவேஷன் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. முதல்ல போட்டோகாபி வாங்குங்க. உங்க எக்ஸாம் மார்க் தெரிஞ்சா, பாஸுக்கு இன்னும் எவ்வளவு வேணும்னு மேல சொன்ன கணக்குலயே தெரியும். என் ரூம்மேட்டுக்கு ரெண்டாவது தடவை மூணு மார்க் கூடியிருந்தா பாஸ், அதுக்கு ரீவேல்யூவேஷன் போடலாம், போட்டான், மாறல. முதல் தடவை எட்டு மார்க் வேணும், விடைத்தாள்ல திருத்தாம விட்ட பக்கம் எதுவும் இல்ல, அதனால போடல. ஆனா ரீவேல்யூவேஷன் ரிசல்ட்டை நம்பி அடுத்த அரியர் ரெஜிஸ்ட்ரேஷனை விட்டுடாதீங்க. ரெஜிஸ்ட்ரேஷன் கடைசி தேதி அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போகலாம். ரெஜிஸ்டர் பண்ணலன்னா அந்த ஆறு மாசம் போச்சு. அதோட, அரியருக்கும் ரெஜிஸ்டர் பண்ணாம அடுத்த செமஸ்டருக்குப் போக முடியாதுன்னு ரெகுலேஷன்லயே இருக்கு.

கடைசியா, அந்த 14 எங்கேர்ந்து வந்துச்சு? இன்டர்னல்னா ரெண்டு அசெஸ்மென்ட். ஒவ்வொண்ணுலயும் டெஸ்ட்டுக்கு 60, அசைன்மென்ட், செமினார் மாதிரியான வேலைக்கு 40. எல்லாத்தையும் சேர்த்து 40-க்குச் சுருக்கும்போது அசைன்மென்ட்டோட பங்கு மட்டும் 16. அந்த 16-ஐ எக்ஸாம் ஹால்ல ஈடுகட்டணும்னா 100-க்கு கிட்டத்தட்ட 27 மார்க் கூட எழுதணும். எம்-3ல அது ஒரு முழு யூனிட்டுக்கும் மேல. என் ரூம்மேட் அந்த செமஸ்டர்ல ரெண்டு அசைன்மென்ட்டுமே வைக்கல.

இந்த செமஸ்டர் இன்டர்னல் இன்னும் போர்ட்டல்ல ஏறலன்னா, மேடம் கேட்ட அந்த அசைன்மென்ட்டை இன்னைக்கு ராத்திரியே எழுதிடுங்க. ஏறிடுச்சுன்னா, ஒவ்வொரு பேப்பருக்கும் 50-லேர்ந்து கழிச்சு 0.6-ஆல வகுத்து, நோட்டு முதல் பக்கத்துல எழுதி வச்சுக்குங்க. அதுதான் உங்க பாஸ் மார்க்.