வலது கியர்க்காரனின் வாக்குமூலம்

புல்லட் ஓட்டுகிறவர்களுக்குள் மேல், கீழ் என்று ஒரு பிரிவை உண்டாக்கி, அதைப் பல வருடம் கட்டிக் காத்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் கணக்கில் புல்லட் என்றால் வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக், கிக்கர். அவ்வளவுதான். 2010 வாக்கில் புதிய எஞ்சினும் இடது பக்கக் கியரும் செல்ஃப் ஸ்டார்ட்டும் பரவலாக வந்துவிட்டன. அவற்றை வாங்கியவர்களை நாங்கள் 'பட்டன்காரங்க' என்று அழைத்தோம். அந்தப் பெருமையால் ஓர் இளைஞனுக்குக் கை எலும்பு முறிந்தது. அதில் என் பங்கு என்ன என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் குழு ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பும். கிளம்புவதற்கு முன்னால் வண்டியைக் கிளப்புவதே ஒரு சடங்கு. பழைய புல்லட்டைச் சும்மா உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் ஆடி நடுவுக்கு வந்து, கிக்கர் கால் அழுத்தத்தில் இறுகி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை உச்சியிலிருந்து இம்மியளவு தள்ளிவிட வேண்டும். பிறகு லீவரை விட்டு, கிக்கரை மேலே வர விட்டு, முழு நீளத்துக்கு ஒரே உதை. முதல் உதையில் கிளம்பினால் சுற்றி நிற்பவர்கள் முகத்தில் ஒரு மரியாதை தெரியும். புதிதாகச் சேர்ந்தவனுக்கு இதை யாராவது ஒரு மூத்தவர்தான் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பார். கற்றுக்கொண்ட அன்றைக்கே அவன் எங்கள் ஆள்.

ஒரு பொருளின் மேல் உள்ள பற்று இப்படித்தான் தலைமுறை தாண்டுகிறது. ஆல்பர்ட் முனிஸ், தாமஸ் ஓ'கின் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-ல் ஃபோர்ட் பிரான்கோ, சாப் கார்களையும் மேக்கின்டாஷ் கணினியையும் வைத்திருப்பவர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையைப் பின்னாளில் படித்தேன். அவர்கள் மூன்று அடையாளங்களைச் சொல்கிறார்கள். 'நாமெல்லாம் ஒன்று' என்ற உணர்வு, சடங்குகளும் கதைகளும், ஒருவருக்கொருவர் உதவும் கடமை. அதோடு, யார் அசல், யார் போலி என்று பிரிக்கும் வழக்கமும் இப்படிப்பட்ட கூட்டங்களில் இருப்பதைக் குறிப்பிடுகிறார்கள். முதல் மூன்றையும் நான் நல்லபடியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். வழியில் நின்றுபோன எத்தனையோ புல்லட்டுக்குக் கேபிள் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். என்னைக் கெடுத்தது நான்காவது.

அந்தத் தம்பி புது இடது கியர் வண்டியோடு வந்து சேர்ந்தவன். ஆர்வமாகக் கேள்வி கேட்பான். கோவளம் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றபோது, "அண்ணே, உங்க வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டான். சாவியைக் கொடுத்தேன். "இதுவும் நம்ம வண்டி மாதிரிதானேண்ணே?" என்றான். "ஓட்டினாத் தெரியும் தம்பி" என்றேன்.

நான் சொல்லியிருக்க வேண்டியது மிகச் சிறிய விஷயம். இந்த வண்டியில் வலது காலில் பிரேக் கிடையாது. வலது கால் கியர். அதுவும் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வலது காலால் பிரேக் பிடித்துப் பழகியவன் பதற்றத்தில் என்ன செய்வான் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். காலைக் கீழே மிதிப்பான், வண்டி அடுத்த கியருக்கு ஏறும், வேகம் குறையாது. முன் சக்கரத்தில் இருப்பது பழைய டிரம் பிரேக். டிஸ்க் பிரேக்கை இரண்டு விரலால் தொட்டு நிறுத்திப் பழகியவனுக்கு அதன் பிடி போதாது. இவ்வளவும் தெரிந்துதான் வாயைத் திறக்காமல் இருந்தேன். அவன் தடுமாற வேண்டும், நண்பர்கள் சிரிக்க வேண்டும், பட்டன்காரனுக்கு அசல் வண்டி என்னவென்று புரிய வேண்டும். அதுதான் என் மனதில் இருந்தது.

பக்கத்துத் தெருவில் திரும்பும் இடத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. வலது காலை மிதித்தான். இரண்டாவது கியர் மூன்றாவதானது. நின்றுவிடும் என்று அவன் நம்பிய வண்டி அப்படியே ஓடியது. முன் பிரேக்கை முழுதாக இறுக்கினான். திருப்பத்தில் கிடந்த மணலில் முன் சக்கரம் வழுக்கியது. கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு போயிற்று.

எங்கள் கூட்டம் அன்று அருமையாக நடந்துகொண்டது. ஒருவர் காரை வரவழைத்தார், ஒருவர் பணம் கட்டினார், இருவர் அவன் அம்மா வரும்வரை கூடவே இருந்தார்கள். ஆனால் டீக்கடை வாசலில் பேச்சு என்னைச் சுற்றி வேலி கட்டியது. "பழக்கமில்லாதவன் ஏன் கேக்கணும்?", "ரைட் கியர்னு பார்த்தாலே தெரியாதா?" என்றார்கள். நான் மறுக்கவில்லை. 'நம்மாளு' என்பதால் எனக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. 'பட்டன்காரன்' என்பதால் அவனுக்குக் கிடைக்காமல் போனதும் அதுவே. மருத்துவமனையில் அவன் என்னிடம், "உங்க வண்டிக்கு அடி பட்டுடுச்சா அண்ணே?" என்று கேட்டான். அப்போதும் நான் சொல்லவில்லை. கட்டுப் பிரித்த பிறகு அவன் குழுவுக்கு வரவில்லை. அவனுக்கு ஆர்வம் போய்விட்டது என்று மற்றவர்களிடம் சொன்னவனும் நான்தான்.

எதைக் காப்பாற்றுவதாக நினைத்து அப்படி நடந்துகொண்டேன்? 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து, திருவொற்றியூரில் புல்லட் செய்யும் ஆலை வந்தது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடிய பிறகும் நம் ஊர் ஆலை நிற்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எங்கள் பெருமையை வளர்த்தோம். ஆனால் 2000-ஐ ஒட்டி ஆலையை நடத்திய ஐஷர் நிறுவனமே அதை மூடிவிடலாமா என்று யோசித்தது என்பதை நாங்கள் அந்தக் கதையில் சேர்ப்பதில்லை. அசல் ரசிகர்களான எங்களால் மட்டும் ஆலை பிழைத்திருக்காது. 2010-ல் ஐம்பதாயிரத்தை ஒட்டி இருந்த வருட விற்பனை 2014-ல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. அதைத் தூக்கி நிறுத்தியது இடது கியரும் செல்ஃப் ஸ்டார்ட்டும் உள்ள வண்டிகளை வாங்கியவர்கள். நாங்கள் கேலி செய்த அதே ஆட்கள். என் பழைய வண்டிக்கு இன்று உதிரி பாகம் கிடைப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

வலது கியர் வண்டியை யாரிடமாவது கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முதலில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தபடியே அவர்களை உட்கார வையுங்கள். இடது காலால் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். கால் தானாகப் போகும்வரை விடாதீர்கள். பிறகு ஆளில்லாத மைதானத்தில் முதல் கியரில் ஓட்டி, நிறுத்திக் காட்டட்டும். அதற்குப் பிறகு சாலை.

அன்று அந்த டீக்கடையில் நின்ற நண்பர்கள் இதைப் படித்தால், அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் அவனிடம் சொல்லிவிடுங்கள். விழுந்தது அவன் தவறில்லை. அவனிடம் நேரில் சொல்ல நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.