நின்ற பிறகு வரும் இழுப்பு

எனக்கு ஓடும்போது இழுப்பு வராது. ஓடி முடித்து, தண்ணி குடிக்க உட்காரும்போதுதான் நெஞ்சு இறுகும். "ஆஸ்துமாவ வச்சுக்கிட்டு ஓட்டம் எதுக்குடா?" என்று அம்மா கேட்பது அந்த நேரத்தில்தான். உடற்பயிற்சி கிளப்பும் ஆஸ்துமாவின் குணமே அது. பெரும்பாலும் பயிற்சியை நிறுத்திய 5 முதல் 15 நிமிடத்துக்குள் தலைகாட்டும்.

மூச்சு வாங்கும்போது நிறைய காற்று வாய் வழியாக உள்ளே போகிறது. அதைச் சூடாக்கி ஈரமாக்க மூச்சுக்குழாயின் உட்சுவர் தன் நீரைக் கொடுக்கிறது. சுவர் காய்ந்ததும் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஆக, காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு தொல்லை. கூலிம் ஹைடெக்கில் பாதி நாளை ஏர்கோனில் கழிக்கும் எங்களுக்கு, வெளியே இருக்கும் புழுக்கம்தான் நெஞ்சுக்கு நண்பன்.

எடை குறைக்கத் தொடங்கியபோது, கிளினிக்கில் சொன்னபடி பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி அளந்தேன். ஏர்கோன் ஜிம்மில் நேராக வேகமெடுத்த நாளில் 480 இருந்த அளவு, முடித்த பத்தாவது நிமிடம் 390. ஏறக்குறைய 19 சதவீதச் சரிவு. 15-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

பிறகு வார்ம்-அப்பை மாற்றினேன். முதலில் 10 நிமிடம் சாதாரண நடை. அப்புறம் 30 வினாடி வேகம், ஒரு நிமிடம் நிதானம். இப்படி ஆறு தடவை. இந்தச் சின்னச் சின்ன உசுப்பல்களுக்குப் பிறகு மூச்சுக்குழாய் கொஞ்ச நேரம் அவ்வளவாக இறுகாது. எல்லாருக்கும் இது பலிக்காது. சுமார் பாதிப் பேருக்குப் பலிக்கும். வெளியே, இந்த வார்ம்-அப்போடு நடந்த நாளில் 480 வெறும் 450 ஆனது. முடிக்கும்போதும் சட்டென்று நிற்காமல் 10 நிமிடம் மெதுவாக நடக்கிறேன்.

கொழுப்பு குறைய ஓட்டப்பந்தயம் தேவையில்லை. சாப்பாட்டில் கொஞ்சம் குறைத்து, 45 நிமிடம் விரைவாக நடந்தால் போதும். நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச வர வேண்டும். இரண்டு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைப்பேன்.

புகைமூட்ட மாதங்களில் புழுக்கமும் கைகொடுக்காது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதாவது ஐபியு, 100-ஐத் தாண்டினால் வீட்டுக்குள்தான் பயிற்சி. சளி பிடித்த நாளில் அதுவும் இல்லை.

டாக்டர் சொன்னபடி நீல இன்ஹேலரைப் பயிற்சிக்கு 10, 15 நிமிடம் முன்பு இழுப்பேன். ஆனால் நீலம் இல்லாமல் ஒரு நாளும் நடக்க முடியவில்லை என்றால், குழாயில் அழற்சி அடங்கவில்லை என்று அர்த்தம். அதற்கு வேண்டியது தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். அதை டாக்டரிடம் கேட்க வேண்டும். இழுத்தும் பேச்சு வரவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது. உடனே 999.

அம்மா இப்போதும் கேட்கிறார். ஆனால் கேள்வி மாறிவிட்டது: "இன்னிக்கு எவ்வளவு ஊதுன?"