999 வரை ஓடுகிறது, 1000-இல் நின்றுவிடுகிறது

"பில் போடும் ஆப் அடிக்கடி க்ராஷ் ஆகிறது. போனில் ரேம் போதவில்லையோ? அவசரம், யாராவது உதவுங்கள்." ஆண்ட்ராய்டு ஆப் எழுதப் பழகும் ஒரு தம்பி, முன்பின் தெரியாதவர்களிடம் இப்படிக் கேட்டிருந்தார். விஷயம் தெரிந்தவர்கள்கூட இதற்குப் பதில் சொல்ல முடியாது. அடிக்கடி என்றால் எப்போது? ரேம் என்பது அவர் கண்டதா, ஊகித்ததா?

நான் அவரிடம் இரண்டே விஷயம் கேட்டேன். எந்த பில்லுக்கு க்ராஷ் ஆகிறது, எதற்கு ஆகவில்லை? போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து இந்தக் கட்டளையைக் கொடுத்தால் என்ன வருகிறது?

```
adb logcat -b crash
```

முதல் கேள்விக்காகத் தொகையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார். 999 ரூபாய் வரை ஒரு சிக்கலும் இல்லை. 1000 ஆனதும் ஆப் மூடிக்கொள்கிறது. ஒரே ஒரு பொருளை 1000 ரூபாய்க்குப் போட்டாலும் அதே கதிதான். பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது. ரேமுக்கு 999-க்கும் 1000-க்கும் வித்தியாசம் தெரியாது. மீதியை லாக் சொன்னது.

```
FATAL EXCEPTION: main
java.lang.NumberFormatException: For input string: "1,000"
```

மொத்தத் தொகையைத் திரையில் அழகாகக் காட்ட `NumberFormat` ஒரு காற்புள்ளியைச் சேர்க்கிறது. 'சேமி' பட்டனை அழுத்தியதும், திரையில் இருக்கும் அந்த எழுத்தையே எடுத்து `Integer.parseInt`-இடம் கொடுக்கிறது அவருடைய நிரல். அதுவோ காற்புள்ளியை ஏற்காது. 999-இல் காற்புள்ளி இல்லை, அதனால் தப்பித்தது. காற்புள்ளியை நீக்கிவிட்டால் இன்றைக்கு ஓடும், ஆனால் போனின் மொழியை ஜெர்மனுக்கு மாற்றினால் அதே தொகை "1.000" என்று வரும், மறுபடி க்ராஷ் ஆகும். தொகையைத் தனி மாறியில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். திரையில் இருப்பது கண்ணுக்கு மட்டும்.

ஆகவே அவர் கேட்டிருக்க வேண்டியது இதுதான்: "மொத்தம் 999 என்றால் பில் சேமிக்கப்படுகிறது, 1000 என்றால் 'சேமி' பட்டனை அழுத்தியதும் ஆப் மூடிக்கொள்கிறது. லாக்கும் அந்த இடத்து நிரலும் கீழே." இதோடு போன் மாடலும் ஆண்ட்ராய்டு பதிப்பும் இருந்தால் போதும். தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

லாக்கைப் படம் பிடித்துப் போடுவதில் பயனில்லை. எழுத்தாக இருந்தால்தான் பதில் சொல்பவர் அதை நகலெடுத்துத் தேடிப் பார்க்க முடியும். மேலே உள்ள சில வரிகளோடு நறுக்கியும் விடாதீர்கள். `Caused by:` என்று தொடங்கும் வரி கீழே இருந்தால், உண்மையான காரணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்; பல இருந்தால் கடைசியைப் பாருங்கள்.

அனுப்புவதற்கு முன் வாடிக்கையாளரின் பெயரோ போன் எண்ணோ லாக்கில் இருந்தால் அழித்துவிடுங்கள். ஆனால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் "1,000" போன்றவற்றை அழகுபடுத்துவதாக எண்ணித் திருத்திவிடாதீர்கள். இந்த க்ராஷுக்கான காரணம் அந்த ஒரு காற்புள்ளிதான்.