தாத்தா சொன்னது, பேத்தி தொகுத்தது

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். தாத்தாவின் வாழ்க்கைக் கதையை அவர் பேத்தி செல்போனில் பதிவு செய்தாள். நாலு சாயங்காலம், மொத்தம் மூணு மணி நேரம். அதைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதவே இரண்டு வாரம் பிடித்தது.

எழுதியதை அப்படியே படித்தால் ஓட்டமில்லை. "அந்தப் புயல்ல... மேலக் கொட்டகை இல்ல... என்ன கேட்ட? ஆங்... தென்னை பூராவும் சாஞ்சிட்டும்மா. மேலக் கொட்டகைக் கூரை பறந்து போச்சு" என்று இருந்தது. முதலில் எல்லாவற்றையும் மேடைத் தமிழில் மாற்றிப் பார்த்தாள். தாத்தா காணாமல் போனார். பிறகு தன் கேள்விகளையும், திரும்பத் திரும்ப வந்ததையும் மட்டும் நீக்கினாள். "அந்தப் புயல்ல தென்னை பூராவும் சாஞ்சிட்டும்மா. மேலக் கொட்டகைக் கூரை பறந்து போச்சு" என்பது மிஞ்சியது. ஒரு சொல்லும் அவள் சேர்க்கவில்லை.

அடுத்து வருஷக் கணக்கு. தாத்தாவுக்குத் தேதி நினைவில் இல்லை. புயலும் நெல்லும்தான் நினைவில் இருந்தன. புயலின்போது தனக்கு எட்டு வயது என்றார். அது 1952 நவம்பர் 30-ல் நாகப்பட்டினம் பக்கம் கரையைக் கடந்த புயல். அப்படியானால் பிறந்தது 1944 வாக்கில். கல்யாணத்தின்போது வயது பதினெட்டு என்றார், ஏ.டி.டி. 27 நெல் வந்த புதுசு என்றும் சொன்னார். இரண்டும் ஒத்துப் போகவில்லை. பரணில் கிடந்த சீர் அண்டாவை அப்பாயி இறக்கச் சொன்னார். அதில் வெட்டியிருந்த தேதி 10.6.66. வயதுதான் தப்பு, நெல் சரி. தாத்தா சொன்னதை அப்படியே விட்டு, அடியில் சிறிய எழுத்தில் அண்டாவின் தேதியைப் போட்டாள்.

சிக்கல் கடைசியில் வந்தது. பாகம் பிரித்தபோது தம்பி வாய்க்காலை மறித்து, சம்பாவைக் காயவிட்டதாகப் பதிவில் கோபமாகச் சொல்லியிருந்தார். தம்பி இப்போது இல்லை. அவர் பிள்ளைகள் அடுத்த வீட்டில் இருக்கிறார்கள். அச்சில் வந்தால் பேச்சு நின்றுவிடும். தானே வெட்டிவிடலாமா என்று யோசித்தவள், எதற்கும் கேட்போமென்று அந்தப் பகுதியைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "எடுக்க வேணாம். ஆனா அதுக்கு முந்தின வருஷம் மடையை முதல்ல அடைச்சவன் நான்தான். அதையும் எழுதும்மா" என்றார்.

அந்த வரி எந்தப் பதிவிலும் இல்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தை அடுத்த வீட்டிலும் காட்டினார்கள். படித்துவிட்டு, தங்கள் அப்பாவின் படம் ஒன்றை அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள்.

எட்டுத் தாளை மடித்து, நடுவில் பின் அடித்ததில் முப்பத்திரண்டு பக்கம் வந்தது. எடுத்த படிகள் இருபது. அதில் நாலு அடுத்த வீட்டுக்குப் போயின.